கேக் ஒருவருடையது, பூ இன்னொருவருடையது

கேள்வி: கிளிநொச்சியில் சிறிய பூக்கடை வைத்திருக்கிறேன். பரந்தனில் உள்ள ஒரு வெதுப்பகத்துடன் சேர்ந்து ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கேக்கும் பூவும் கொடுத்தோம். அவர்கள் இன்ஸ்டகிராமில் படத்தைப் போட்டு, “எங்கள் புதிய இரண்டு தட்டுக் கேக். பூ உதவிக்கு நன்றி” என்று எழுதியிருக்கிறார்கள். என் கடையின் பெயர் கடைசியில் ஒரு ஹாஷ்டேக்காக மட்டும் இருக்கிறது. கோபித்துக்கொள்ள விருப்பமில்லை, அடுத்த மாதமும் சேர்ந்து வேலை இருக்கிறது. இரண்டு கடைக்கும் நியாயமாக இருக்கும்படி எப்படி எழுதுவது?

பதில்:

வவுனியாவில் சிறு கடைகளின் பக்கங்களுக்குப் பதிவு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வாசகத்தை எழுத உட்காருவதற்கு முன், படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அதில் தெரியும் ஒவ்வொரு பொருளும் யார் கைவேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கேக்கைச் சுட்டது யார், ஐசிங் பூசியது யார், பூவைத் தெரிவு செய்தது யார், கேக்கின் மேல் அதை வைத்தது யார், மேசை விரிப்பும் பின்திரையும் யாருடையவை, படம் எடுத்தது யார். இந்தத் தாள் இல்லாமல் எழுதும் வாசகம் பெரும்பாலும் பதிவு போடுகிறவரின் பக்கம் சாய்ந்துவிடும். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. தன் வேலையைத்தான் எவரும் முதலில் நினைப்பார்கள்.

நீங்கள் சொன்ன வாசகத்தில் இரண்டு சொற்கள் பிழையாக இருக்கின்றன. முதலாவது “எங்கள்”. படத்தில் இருப்பது முழுவதும் வெதுப்பகத்தினுடையது என்று அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. இரண்டாவது “உதவி”. நீங்கள் காசு வாங்கிச் செய்த தொழிலை ஒரு கையுதவி போல ஆக்கிவிடுகிறது அது. வாசிக்கிறவர், வீட்டு முற்றத்தில் இருந்த பூவை யாரோ அன்பாகப் பறித்துக் கொடுத்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். பூ வேண்டும் என்று உங்களிடம் வரவேண்டியவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். ஆகவே, “நன்றி”, “உதவி”, “ஒத்துழைப்பு” ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செய்த வேலையை எழுதுங்கள். சுட்டது, பூசியது, தெரிவு செய்தது, கட்டியது, வைத்தது என்று வினைச்சொல்லோடு பெயர் வந்தால், பங்கு தானாகவே தெரிந்துவிடும்.

நியாயம் என்பது சம அளவு வரிகள் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் கொடுத்தது மூன்று ரோசா மட்டும் என்றால், “மேலே உள்ள மூன்று ரோசாக்கள்” என்று எழுதுவதுதான் சரி. பூச்செண்டு, மேசைப் பூ, கேக்கின் பூ எல்லாமே உங்களுடையவை என்றால் அவை மூன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். வெட்டுப்பூக்கள் நுவரெலியாப் பக்கமிருந்து வந்தவை என்றால் “எங்கள் தோட்டத்துப் பூ” என்ற தோரணையில் எதுவும் வேண்டாம்; தெரிவு செய்ததும் கட்டியதும் உங்கள் வேலை, அதைச் சொன்னால் போதும்.

அடுத்தது, பெயர் எங்கே நிற்கிறது என்பது. இன்ஸ்டகிராமில் ஒரு பதிவின் வாசகம் 2,200 எழுத்துகள் வரை போகலாம். ஆனால் கைபேசியில் உருட்டிக்கொண்டு போகிறவருக்கு முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். மற்றவை more என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதைத் தொடுகிறவர்கள் குறைவு. அதனால் இரண்டு கடைப் பெயர்களும் முதல் வரியிலேயே வர வேண்டும். வாழ்த்து, கவிதை, இதயப் படம் எல்லாம் அதற்குக் கீழே போகட்டும்.

ஹாஷ்டேக்கில் கடைப் பெயர் இருப்பது பெயர் சொன்னதாகாது. அதைத் தொட்டால் அதே சொல்லைப் போட்ட பதிவுகளின் பட்டியலுக்குப் போகுமே தவிர, உங்கள் பக்கத்துக்கு வராது. உங்களுக்கு அறிவிப்பும் வராது. @ போட்டுப் பயனர் பெயரைச் சரியாக எழுதினால்தான் அது உங்கள் வாசலைத் திறக்கும். ஓர் எழுத்து மாறினால் வேறொருவர் பக்கம் திறக்கும், அல்லது எதுவும் திறக்காது. பதிவு போட்டதும் இருவரும் தங்கள் பெயரைத் தொட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

2021 இல் இன்ஸ்டகிராம் கூட்டுப் பதிவு வசதியைக் கொண்டுவந்தது. பதிவு போடும்போது Tag people என்பதற்குள் போய் Invite collaborators என்பதைத் தொட்டு மற்றக் கடையை அழைக்க வேண்டும்; அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஒரே பதிவு இரண்டு பக்கங்களிலும் நிற்கும், விருப்பக் குறிகளும் கருத்துகளும் ஒன்றாகச் சேரும். உங்களைப் போன்ற சேர்ந்த வேலைகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆனால் இதற்கும் வரம்பு உண்டு. வாசகம் பதிவைப் போட்டவரின் கையில்தான் இருக்கும். அழைக்கப்பட்டவர் அதைத் திருத்த முடியாது. போட்டவர் பதிவை அழித்தால் உங்கள் பக்கத்திலிருந்தும் அது போய்விடும். எனவே கூட்டுப் பதிவாக இருந்தாலும், போடுவதற்கு முன் வாசகத்தை வாட்ஸ்அப்பில் ஒருமுறை ஒருவருக்கொருவர் அனுப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே பெயர்கள் வரும் வரிசையில் பதிவைப் போட்டவர் பெயர் முன்னே வரும். அதனால் வாசகத்தின் முதல் வரியில் அழைக்கப்பட்டவரின் பெயரை முன்னே வைப்பது என் பழக்கம். வெதுப்பகம் போட்டால் பூ முதலில், நீங்கள் போட்டால் கேக் முதலில். யார் பெயர் முன்னே என்ற மனத்தாங்கலுக்கு இதைவிட இலேசான தீர்வை நான் காணவில்லை.

உங்கள் நிச்சயதார்த்தப் பதிவையே திருத்தி எழுதிப் பார்க்கிறேன். பூவின் விபரத்தை நானாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், உண்மையானதை மாற்றி எழுதுங்கள். போடுபவர் வெதுப்பகம் என்று வைத்துக்கொள்வோம்.

> பூ: @பூக்கடை, கிளிநொச்சி. கேக்: @வெதுப்பகம், பரந்தன்.
>
> இரண்டு தட்டுப் பட்டர் கேக்கைச் சுட்டு, வெள்ளை ஐசிங் பூசியது @வெதுப்பகம். வெள்ளை ரோசாக்களைத் தெரிவு செய்து கேக்கின் மேல் வைத்ததும், மணமகளின் பூச்செண்டைக் கட்டியதும் @பூக்கடை.
>
> பூ ஓடருக்கு: (பூக்கடையின் இலக்கம்)
> கேக் ஓடருக்கு: (வெதுப்பகத்தின் இலக்கம்)
> இரண்டும் சேர்த்து வேண்டுமானால் எந்த இலக்கத்துக்கும் எழுதலாம்.
>
> பூக்கள் அலங்காரத்துக்கு மட்டும். கேக்கை வெட்டுவதற்கு முன் எடுத்துவிடவும்.
> படம்: (எடுத்தவர் பெயர்)

பூவைப் பற்றிய அந்த எச்சரிக்கை வரியை விட்டுவிடாதீர்கள். பெயர் வரும்போது பொறுப்பும் கூடவே வருகிறது. விற்பனைக்கு வளர்க்கும் ரோசாக்களுக்குப் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். அவை உண்பதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல. அரளியும் நித்தியகல்யாணியும் நச்சுத்தன்மை உள்ளவை, கேக்கின் பக்கத்திலேயே வரக்கூடாது. காம்பு ஐசிங்கில் படாதபடி சுற்றிச் செருகுவதை யார் செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பூ வைத்தது பூக்கடை என்று ஊரறிய எழுதிவிட்டு, அந்த வேலையை வெதுப்பகத்துப் பையன் செய்திருந்தால், ஏதாவது நடக்கும்போது கேள்வி உங்களிடம் வரும்.

இலக்கங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். நம்முடைய பகுதிக் கடைகளின் பக்கங்களைப் பார்க்கிறவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள். ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருந்துகொண்டு, கிளிநொச்சியில் இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக்கும் பூவும் அனுப்ப விரும்புகிற மகள் பதிவில் கண்ட முதல் இலக்கத்துக்கு எழுதுவாள். இரண்டு கடைகளுக்குத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டாள். வாசகத்தில் ஓர் இலக்கம் மட்டும் இருந்தால் முழு ஓடரும் அந்தக் கடைக்கே போகும். பூவை அவர்கள் வேறு இடத்தில் வாங்கினால் உங்களுக்குத் தெரியவும் வராது. எனவே இரண்டு இலக்கங்களையும் +94 உடன் எழுதுங்கள், ஊரின் பெயரையும் சேருங்கள். சேர்ந்த ஓடர் எந்தப் பக்கம் வந்தாலும் மற்றப் பாதியை மற்றக் கடைக்குத்தான் கொடுப்பது என்பதை அந்த வரியைப் போடுவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள். பேசாமல் போட்டால் அந்த வரியே சண்டைக்கு வழியாகிவிடும்.

படம் தனியாகப் பயணம் செய்யும் என்பதையும் மனத்தில் வையுங்கள். மணமகளின் தோழி அதைச் சேமித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போது வாசகம் கூட வராது. படத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு பெயர்களும் ஒரே எழுத்தளவில், ஒரே நிறத்தில், சிறிதாக இருந்தால் போதும். ஒருவருடைய பெரிய முத்திரையை நடுவில் பதித்துவிட்டு வாசகத்தில் மட்டும் சமமாக எழுதுவது சரியாகாது.

மண்டபத்தை அலங்கரித்தவர் வேறொருவர் என்றால் அவருக்கும் ஒரு வரி வேண்டும். பின்திரை படத்தில் தெரிகிறது, ஆனால் பெயர் இல்லை என்றால், அதைக் கட்டியதும் நீங்கள்தான் என்று பார்க்கிறவர் நினைத்துவிடுவார். நீங்கள் இன்று படுகிற மனவருத்தத்தை அவர் நாளை படக்கூடாது அல்லவா.

ஏற்கனவே போட்ட பதிவுக்கு வருவோம். அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும்படி வெதுப்பக உரிமையாளரிடம் சொல்ல வேண்டாம். விருப்பக் குறிகளும் கருத்துகளும் போய்விடும், அவருக்கும் மனம் கசக்கும். பதிவின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Edit என்பதற்குப் போனால் வாசகத்தை மட்டும் மாற்றலாம். அவருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

> அண்ணா, நிச்சயதார்த்தப் படம் நன்றாக வந்திருக்கிறது. பார்த்துவிட்டுப் பூவைப் பற்றி என்னிடம் கேட்க நினைப்பவர்களுக்கு என் பக்கம் தெரியவில்லை. கீழே உள்ளபடி வாசகத்தை மாற்றிவிட முடியுமா? உங்கள் கேக்கைப் பற்றியும் விபரமாக எழுதியிருக்கிறேன். அடுத்த மாத வேலைக்கு என் பக்கத்தில் நான் போடும்போது உங்கள் பெயரை முன்னே வைக்கிறேன்.

இதன் கீழே திருத்திய வாசகத்தை முழுமையாக ஒட்டி அனுப்புங்கள், அவர் அப்படியே எடுத்துப் போடட்டும். இன்ஸ்டகிராமில் @ உடன் ஒட்டிய பயனர் பெயர் வேலை செய்யும். அதே வாசகத்தை அவர் முகநூல் பக்கத்திலும் போடுவதாக இருந்தால் மட்டும், @ ஐத் தட்டி உங்கள் பக்கத்தின் பெயரைப் பட்டியலில் இருந்து புதிதாகத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். அங்கே வெறுமனே ஒட்டிய பெயர் வெறும் எழுத்தாகவே கிடக்கும்.