பாட்டை வெட்டி ரிங்டோன் வைப்பது

கேள்வி: பிடித்த பாட்டில் ஒரு பகுதியை வெட்டி ரிங்டோனாக வைத்தேன். தொடங்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வருகிறது. பக்கத்து அறையில் இருந்தால் கேட்பதே இல்லை. எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் போனிலேயே ஏதோ ஒரு செயலியில் கோட்டை இழுத்து வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒலி என்பது மேலும் கீழும் போகும் அலை. அது உச்சியில் இருக்கும் இடத்தில் வெட்டினால், சும்மா இருந்த ஸ்பீக்கர் திடீரென்று அந்த உச்சிக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவல்தான் ‘டப்’. அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் அது போய்விடும். கணினி இருந்தால் Audacity என்ற இலவச மென்பொருளில், வேண்டிய பகுதியைத் தேர்வு செய்துவிட்டு Z விசையை அழுத்துங்கள். இரண்டு முனைகளும் அருகில் உள்ள நடுக்கோட்டுப் புள்ளிக்குத் தாமாகவே நகர்ந்துவிடும்.

பக்கத்து அறையில் கேட்காததற்குக் காரணம் வேறு. என் அப்பாவுக்கும் இதே பிரச்சினைதான். அவர் ஆசைப்பட்ட பாட்டு மெல்லிய பேஸ் கிடாரில் தொடங்கும். ஹெட்போனில் கேட்டால் நெஞ்சில் அதிரும், போன் ஸ்பீக்கரிலோ அந்த இடம் கிட்டத்தட்ட மௌனம். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிகளைத் தள்ள முடியாது. வருகிற அழைப்பை எல்லாம் தவறவிட்டுக்கொண்டிருந்தார், வீட்டில் எல்லோரும் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் காதில் ஒரு குறையும் இல்லை.

அதே பாட்டில் 1:12-க்கு ஒரு புல்லாங்குழல் இடையிசை வரும். குழல், வயலின், பெண் குரல் மாதிரி உயர்ந்த ஒலிகளைச் சின்ன ஸ்பீக்கர் நன்றாகவே கொடுக்கும். ஆனால் பாடகரின் கடைசி எழுத்து எதிரொலியாக இழுபட்டுக் குழலின் முதல் சுரத்தின் மேல் விழுந்தது. அதனால் ஒரு தாளச்சுற்று தள்ளிப் போய், தபலாவின் முதல் அடிக்கு மயிரிழை முன்னால் வெட்டினேன். அடியோடு தொடங்கினால் காது உடனே திரும்பும்.

முடிவை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கவனம் வைப்பதில்லை. அழைப்பை எடுக்கும் வரை ரிங்டோன் திரும்பத் திரும்ப ஓடும், அதனால் முடிவு தொடக்கத்தோடு தாளம் தப்பாமல் ஒட்ட வேண்டும். அந்தப் பாட்டு நிமிடத்துக்கு 96 அடி. நான்கு அடி ஒரு சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 2.5 வினாடி, பத்துச் சுற்றுக்குச் சரியாக 25 வினாடி. அந்த 25 வினாடியை வெட்டி, மறுபடி ஓடவிட்டால் தாளம் அறுபடாமல் போகிறது. கடைசியில் ஒலியை மெல்லக் குறைத்து முடிப்பது சிலருக்குப் பிடிக்கும். தவறு என்று சொல்லவில்லை, ஆனால் ரிங்டோன் ஒவ்வொரு முறை திரும்ப ஓடும்போதும் பாட்டு அமுங்கி அமுங்கி எழும்.

அப்புறம் Audacity-யிலேயே High-Pass Filter போட்டு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்தேன். ஸ்பீக்கரால் எப்படியும் தர முடியாத ஒலி அது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் குறைத்தபின் Amplify கொடுத்தால் மீதி இசையைப் பிசிறில்லாமல் இன்னும் உரக்க ஏற்ற முடியும். “பாட்டின் ஆன்மாவையே எடுத்துவிட்டாயே” என்று இசை தெரிந்தவர்கள் கோபப்படலாம். ரசிப்பதற்கு முழுப் பாட்டு அப்படியே இருக்கிறது. இது கூப்பிடுவதற்கு.

ஆண்ட்ராய்டு என்றால் ogg கோப்பாகச் சேமித்து Ringtones கோப்புறையில் போடுங்கள். எம்பி3 கோப்பின் முனைகளில் ஒரு சிறு மௌனம் சேர்ந்துகொள்ளும், திரும்ப ஓடும்போது அந்த இடத்தில் தாளம் இடறும். ஐபோனுக்கு m4r வகைக் கோப்பு வேண்டும். அங்கே 30 வினாடிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போனில் பாட்டு வெட்டும் செயலிகள் சில, தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனி ரிங்டோன் வைப்பதற்காம். பாட்டை வெட்டுவதற்கு என் உறவினர்களின் எண்கள் எதற்கு? மறுத்துவிட்டாலும் வெட்டும் வேலை நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

வைத்து முடித்ததும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டு, கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். மெட்டு புரியாமல் வெறும் இரைச்சலாகக் கேட்டால், ஒலியளவை இன்னும் ஏற்றிப் பயனில்லை. அதே பாட்டில் குழலோ குரலோ தனித்து ஒலிக்கும் வேறு இடத்தைத் தேடுங்கள்.