மாதம் 149, வருடம் 1,490: முன்பணத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம்?

கேள்வி: "ஒரு ஆப்புக்கு மாதச் சந்தா 149 ரூபாய். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1,490. இந்தப் பணத்தை எஃப்டியில் போட்டால் 7% கிடைக்கும். மொத்தமாகக் கட்டுவது எத்தனை சதவீத வருமானத்துக்குச் சமம்? எப்படிக் கணக்கிடுவது?"

வருடத்துக்கு ஏறக்குறைய 51 சதவீதம். ஆனால் பன்னிரண்டு மாதமும் அந்த ஆப் உங்களுக்குத் தேவைப்பட வேண்டும். அது தேவைப்படுமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சம்பளக்காரர், மாதக் கடைசியில் 1,490 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். 1,788-ல் 298 மிச்சம், ஆகவே 16.7% என்பார்கள். இன்னும் சிலர் 1,490 போட்டு 298 லாபம், ஆகவே 20% என்பார்கள். இரண்டுமே தள்ளுபடியின் அளவைத்தான் சொல்கின்றன. உங்கள் பணம் எவ்வளவு காலம் அவர்களிடம் மாட்டியிருந்தது என்பது இரண்டிலும் இல்லை. காலம் இல்லாமல் வட்டி விகிதம் ஏது?

முதலில், நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,490 அல்ல. மாதச் சந்தா எடுத்தாலும் முதல் நாளே 149 கட்டத்தான் போகிறீர்கள். ஆகவே கூடுதலாகக் கையை விட்டுப் போவது 1,341 ரூபாய். அடுத்து, அந்த 1,341 வருடம் முழுக்க அங்கேயே கிடப்பதில்லை. இரண்டாவது மாதம் நீங்கள் கட்ட வேண்டிய 149 கட்டாமல் மிச்சமாகிறது, மூன்றாவது மாதமும் அப்படியே. 1,341 ரூபாயை அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்து, மாதம் 149 வீதம் 11 தவணையில் திருப்பி வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். டூவீலர் லோன் வாங்கியவர்களுக்கு ஃபிளாட் வட்டிக்கும், குறையும் நிலுவை மீதான வட்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இங்கேயும் அதுதான், கடன் கொடுப்பவர் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ இப்படிப் போடுங்கள்:

```
=RATE(11, 149, -1341)
=(1+RATE(11, 149, -1341))^12-1
```

முதல் வரி மாத வட்டி, சுமார் 3.5% வரும். இரண்டாவது வரி கூட்டு வட்டியாக வருடத்துக்கு, சுமார் 51%. சந்தேகமாக இருந்தால் கையால் போட்டுப் பார்க்கலாம். 1,341-க்கு ஒரு மாத வட்டி 47, அதைக் கூட்டி 149-ஐக் கழித்தால் நிலுவை 1,239. அதற்கு 43 வட்டி, 149 கழித்தால் 1,133. இப்படியே போனால் பதினோராவது தவணையில் நிலுவை பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

கையில் கணினி இல்லையென்றால் மிச்சமாகும் தொகையை, கூடுதலாகக் கட்டியதன் ஆறு மடங்கால் வகுங்கள். 298-ஐ 8,046-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 3.7%. சற்று கூடுதலாகக் காட்டும், ஆனால் முடிவெடுக்க இது போதும்.

"இந்த 51% உள்வருமான விகிதம்தானே, அப்படியென்றால் திரும்பி வரும் பணத்தையும் அதே 51 சதவீதத்தில் மறுபடி போட முடிய வேண்டுமே" என்று யாராவது கீழே எழுதலாம். நான் உங்கள் பணம் 51% வளரும் என்று சொல்லவில்லை. இது ஒப்பிடுவதற்கான விகிதம். இதைவிடக் குறைந்த வட்டியில் உங்களுக்குப் பணம் கிடைக்குமென்றால் மொத்தமாகக் கட்டுவது லாபம், அதிக வட்டியில்தான் கிடைக்குமென்றால் நஷ்டம். 298 ரூபாய்க்கு இவ்வளவு கணக்கா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அதே கணக்கு பெரிய தொகையில் வரும்போது என்ன ஆகிறது என்று என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஆர்டர், ஸ்டாக், பில்லிங் எல்லாம் ஓடும் மென்பொருளுக்குப் பத்து பேர் லாகின் வேண்டும். ஒரு லாகினுக்கு மாதம் 1,800, வருடத்துக்கு மொத்தமாக என்றால் 18,000. உங்கள் ஆப் மாதிரியே பத்து மாதக் காசுக்குப் பன்னிரண்டு மாதம். பத்து பேருக்கு வருடச் சந்தா 1,80,000. முதலாளி யோசித்தார். "ஏந்தம்பி, பேங்க்குக்கு சி.சி. கடனுக்கு 11 பர்சென்ட் கட்டறோம். அதுல இருந்து எடுத்து இவங்களுக்கு மொத்தமாக் குடுத்தா நமக்கு என்ன மிச்சம்?" சரியான கேள்வி. பக்கத்தில் இருந்த ஆடிட்டர் ஆபீஸ்காரர் சட்டென்று சொன்னார், "16.7-ல 11 போனா 5.7 தாங்க. அதுக்குப் போய் ஒண்ணே முக்கால் லட்சத்த முடக்கணுமா?"

படித்தவர் சொல்லிவிட்டார் என்று எல்லோரும் தலையாட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. தள்ளுபடி சதவீதத்திலிருந்து வருட வட்டியைக் கழிக்கவே முடியாது. 1,62,000 கூடுதலாகப் போகிறது, மாதம் 18,000 வீதம் திரும்புகிறது. அந்தப் பதினோரு தவணைகளையும் 11% வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 1,87,500. அதாவது வங்கி வட்டி போக, இன்றைய கணக்கில் 25,500 ரூபாய் நிகர மிச்சம். ஒரு தாளில் எழுதி முதலாளி முன்னால் வைத்தேன். "அப்ப கட்டிரலாமே" என்றார். "பத்துக்கும் வேண்டாங்ண்ணா, ஏழுக்குக் கட்டலாம்" என்றேன்.

ஏன் ஏழு? பத்து பேரில் எத்தனை பேர் வருடம் முழுக்க இருப்பார்கள் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வராமல் போவது இங்கே சாதாரணம். ஆர்டர் நிறைய இருக்கும் காலத்தில் மட்டும் கூடுதலாக ஒருவர் வேண்டியிருக்கும். மாதச் சந்தாவில் அந்த லாகினை அன்றே நிறுத்திவிடலாம். வருடச் சந்தாவில் ஆள் போனாலும் காசு போனதுதான். எங்களுக்கு விற்றவர்கள் இரண்டையும் கலந்து வாங்க விட்டார்கள். எல்லோரும் விடமாட்டார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ஏழு லாகினில் 25,200 மிச்சம் (வட்டி கழிக்காமல்). மாதச் சந்தாவில் விட்ட மூன்றில் ஒன்று ஏழு மாதத்தில் நின்றது, ஒன்று ஐந்து மாதம்தான் தேவைப்பட்டது, ஒன்று முழு வருடமும் ஓடியது. வருடச் சந்தாவோடு ஒப்பிட்டால் முதல் இரண்டில் 5,400-ம் 9,000-மும் மிச்சம், மூன்றாவதில் 3,600 அதிகச் செலவு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மாதச் சந்தாவே 10,800 லாபம்.

இடையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்கூட்டிக் கொடுக்கும் பணத்துக்கு விலை உண்டு என்பது பெரிய கம்பெனிகளுக்கு நன்றாகவே தெரியும். பத்து நாளில் பணம் தந்தால் பில்லில் 2% கழிக்கலாம் என்று, அவர்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அறுபதாவது நாள் வர வேண்டிய பணம் ஐம்பது நாள் முன்னால் வருவதால், அது வருடத்துக்கு 16% வட்டி கொடுப்பதற்குச் சமம், நியாயமான பேரம். ஆனால் அந்த 2 சதவீதத்தையும் பிடித்துக்கொண்டு அறுபது நாள் கழித்துத்தான் பணம் போடுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டினால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரியில் கழிக்க முடியும் என்றும் வந்துவிட்டது. இருந்தும் சின்ன யூனிட்காரர் கேட்கப் பயப்படுகிறார், கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

சரி, உங்கள் 149-க்கு வருகிறேன். 51% என்பது முழுதாகப் பன்னிரண்டு மாதம் பயன்படுத்தினால்தான். பதினோராவது மாதத்தோடு உங்களுக்கு அது வேண்டாமல் போனால், `RATE`-ல் 11-க்குப் பதில் 10 போடுங்கள். மாதம் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, வருடத்துக்கு 26%. ஒரே ஒரு மாதம் குறைந்ததற்கு வருமானம் பாதியாகிவிட்டது. பத்து மாதத்தோடு நின்றால் பூஜ்யம். ஒன்பது மாதம் என்றால் 149 ரூபாய் கைநஷ்டம். ஆகவே எஃப்டி வட்டியை விட உங்கள் பழக்கம்தான் இந்தக் கணக்கில் பெரியது. வங்கிக் கணக்கு அறிக்கையில் போன வருடம் எத்தனை மாதம் 149 போயிருக்கிறது, அதில் எத்தனை மாதம் ஆப்பைத் திறந்தீர்கள் என்று பாருங்கள். பரீட்சை, ஊர்ப் பயணம் என்று இரண்டு மாதம் நிறுத்தி வைக்கும் ஆளாக இருந்தால் உங்களுக்கு மாதச் சந்தாவே போதும்.

எஃப்டியோடு ஒப்பிடும்போது இன்னொன்று. எஃப்டி வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். 30% அடுக்கில் இருப்பவருக்கு 7% என்பது கையில் 5-க்கும் கீழே. செலவில் மிச்சமான 298-க்கு வரி கிடையாது. ஆனால் 51% கிடைக்கிறதே என்று ஒரு லட்சத்தை இதில் போட முடியாது. கிடைப்பது அந்த 298 மட்டும்தான்.

எஃப்டியை உடைத்துக் கட்டினாலும் லாபம்தான். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, குறைந்தபட்சத் தொகை மட்டும் செலுத்தி நிலுவையை இழுத்துக்கொண்டு போவதாக இருந்தால் வேண்டாம். பல கார்டுகளில் மாத வட்டி 3.5% அல்லது அதற்கும் மேல், அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 4.1%. உங்களுக்குக் கிடைக்கும் 3.5-ஐ அது முழுதாகத் தின்றுவிடும்.

வேறு ஆப்பில் பதினோரு மாதக் காசுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வந்தால் வருமானம் 21 சதவீதமாக இறங்கிவிடும், ஒரு மாதம் விட்டாலே பூஜ்யம். அப்படிப்பட்டதற்கு நான் மொத்தமாகக் கட்ட மாட்டேன். உங்கள் 1,490 திட்டத்தில் வருடம் முழுக்கப் பயன்படுத்துவது உறுதி என்றால் கட்டிவிடுங்கள். கட்டிய அன்றே ஆட்டோபே எந்தத் தேதியில், எந்தத் தொகைக்குப் புதுப்பிக்கப் போகிறது என்று மட்டும் பாருங்கள். முதல் வருடச் சலுகை விலையாக இருந்தால் அடுத்த வருடத் தொகையை வைத்து `RATE`-ஐ மறுபடி போட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வரும், அந்த நேரத்துக்குள் ரத்து செய்துகொள்ளலாம்.