கோப்பை வாசகத்துக்கு வெற்றியா, வாகையா?

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகத்தின் சுழற்கோப்பையில் தமிழில் வாசகம் பொறிக்கப் போகிறோம். வெற்றி, வாகை, கொற்றம், ஜெயம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது பொருந்தும்?

பதில்: என் தேர்வு வாகை. முதலிடம் பெற்ற அணிக்கு 'வாகை சூடிய' என்பதைவிடச் சிறந்த தொடர் எனக்குத் தெரியவில்லை.

போரில் வென்றவர்கள் வாகைப் பூவைச் சூடினார்கள் என்பது பலருக்கும் தெரியும். தொல்காப்பியம் இன்னும் விரிவாகப் பார்க்கிறது. அதன் புறத்திணையியல், போரிடுவதற்குத் தும்பைத் திணையைத் தனியே வைத்துவிட்டு, குற்றமற்ற கொள்கையோடு அவரவர் தத்தம் இயல்பில் மேம்பட்டு விளங்குவதை வாகை என்கிறது. அரசர் மட்டுமல்ல, அறிவர், தவம் செய்வோர் ஆகியோரின் மேம்பாடும் அதில் அடங்கும். எதிரியை வீழ்த்துவது மட்டுமே வாகை அல்ல. நேர்மையாக உயர்ந்து நிற்பதும் வாகைதான். விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

கொற்றம் கம்பீரமான சொல்தான். ஆனால் கொற்றவன், கொற்றவை, வெண்கொற்றக்குடை என்று அதன் உறவெல்லாம் அரசும் போரும். ஓர் அணியின் பெயருக்குப் பக்கத்தில் அது ஒட்டாது. ஜெயம் வாழ்த்தொலியில் நன்றாக இருக்கும், பொறிப்புக்கு வேண்டாம். வெற்றி எங்கும் பொருந்தும். 'வெற்றி பெற்ற அணி' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. 'வெற்றிவாகை சூடிய' என்பதும் வழக்கில் உள்ளதே. ஆனால் சின்னத் தகட்டில் இடம் குறைவு, வாகை ஒன்றே போதும்.

வாகையைச் 'சூட' வேண்டும். 'வாகை பெற்ற', 'வாகை அடைந்த' என்றால் மாலையின் படிமம் போய்விடும். பலர் 'வாகைச் சூடிய' என்று ஒற்று சேர்த்துவிடுகிறார்கள், அது பிழை. வாகையைச் சூடிய என்பதில் 'ஐ' உருபு மறையும்போது அங்கே வல்லினம் மிகாது. 'வெற்றிக்கோப்பை' என்று எழுதும்போது மட்டும் ஒற்று கட்டாயம் வேண்டும்.

கோப்பையின் அடிப்பீடத்தில் நிலையாக இருக்க வேண்டிய வாசகம்:

கால்பந்துத் தொடரில்
வாகை சூடிய அணிக்கு
வழங்கப்படும் சுழற்கோப்பை

ஆண்டுத் தகட்டில் '2025 – வாகை சூடிய அணி' என்று எழுதி, அடுத்த வரியில் அணியின் பெயர். இரண்டாம் பரிசுக்கு 'இரண்டாம் இடம் பெற்ற அணி' என்றே இருக்கட்டும். அங்கே வாகையைச் சேர்த்தால், படிப்பவர் அவர்களையே வென்றவர்களாக எடுத்துக்கொள்வார்.

பொறிப்பவரிடம் எழுத்தாக அனுப்பாமல் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடுங்கள். அவர் கணினியில் எழுத்துரு மாறினால் 'கோப்பை'யின் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பொறிக்கும் முன் மாதிரியை வாங்கி, ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியையும் பாருங்கள். சின்ன எழுத்தில் முதலில் மறைவது அந்தப் புள்ளிதான். உலோகத்தில் பொறித்த பிறகு திருத்துவது கடினம்.