காலியிடம் அறிவிக்காத சின்ன கம்பெனிக்கு மெயில் போடுவது எப்படி?

"அக்கா, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் நாலு வருஷ அனுபவத்தோடு இப்போதுதான் இங்கே வந்திருக்கிறேன். வேலை செய்யும் அனுமதி இருக்கிறது. பல் மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் செய்யும் ஒரு கம்பெனி ரொம்பப் பிடித்திருக்கிறது. மொத்தமே 25 பேர்தான். வேலை காலி என்று எதுவும் போடவில்லை. நேரடியாக மெயில் போடலாமா? யாருக்குப் போடுவது, என்ன எழுதுவது?"

தாராளமாகப் போடலாம். அந்த அளவு கம்பெனியில் அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே ஆள் தேவைப்பட ஆரம்பித்துவிடும். ஆனால் அறிவிப்பு எழுதவும், வந்து குவிகிற விண்ணப்பங்களைப் பிரிக்கவும் அங்கே தனியாக ஆள் இருக்காது. டீமை நடத்துகிறவரே அதையும் செய்ய வேண்டும். "இந்த ரிலீஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். நானும் ஒரு சின்ன கம்பெனியில் ஆள் எடுக்கிற பக்கம் உட்காருகிறவள்தான். எங்களுக்கு வரும் மெயில்களில் பெரும்பாலானவை, இந்த ஆளை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிற வேலையை எங்கள் தலையிலேயே கட்டுகின்றன. "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்" என்கிற வரி அதில் முதலிடம். எழுதுகிறவர் பணிவாக எழுதுகிறார், படிக்கிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை.

யாருக்கு என்பதை முதலில் பார்க்கலாம். வேலை கிடைத்தால் உங்களுக்கு நேர் மேலே யார் இருப்பாரோ அவருக்கு. ஏழெட்டுப் பேர் உள்ள இடமென்றால் அது நிறுவனராகவே இருக்கும். 25 பேர் என்றால் பெரும்பாலும் டெவலப்மென்ட் டீமின் தலைவர். கம்பெனியின் 'எங்களைப் பற்றி' பக்கத்திலும் லிங்க்ட்இன்னிலும் பெயர்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். டெஸ்டிங் என்று யார் பெயருக்குக் கீழும் இல்லாவிட்டால் அதுவே பெரிய தகவல்: டெவலப்பர்களே தங்கள் வேலையைத் தாங்களே சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுவான `info@` முகவரிக்குப் போட வேண்டாம். அதைப் பார்க்கிறவர் வாடிக்கையாளர் புகார்களுக்கு நடுவில் உங்களைப் பார்ப்பார்.

முகவரி எங்கும் இல்லையென்றால், அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவருடைய முகவரியாவது வெளியில் கிடைக்கும். அதன் அமைப்பைப் பாருங்கள். `anna@example.com` என்று இருந்தால் மற்றவர்களுக்கும் அநேகமாக முதல் பெயர்தான். ஊகித்த முகவரிக்கு ஒவ்வொன்றாக அனுப்புங்கள், தவறென்றால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். நாலு ஊகத்தையும் ஒரே மெயிலில் வரிசையாகப் போட்டு அனுப்பினால், சரியான முகவரியில் படிக்கிறவர் மற்ற மூன்றையும் பார்ப்பார். அசிங்கமாக இருக்கும்.

இனி எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. மொத்தப் பலனும் இதில்தான் இருக்கிறது. அந்த சாஃப்ட்வேருக்கு இலவச சோதனைக் கணக்கு இருந்தால் திறந்துகொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க, பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர் செய்வதையெல்லாம் நீங்களும் செய்யுங்கள். நேரம் கொடுங்கள், மாற்றுங்கள், ரத்து செய்யுங்கள், ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கே சொந்தமான மின்னஞ்சலை நோயாளியின் முகவரியாகக் கொடுங்கள், வருகிற நினைவூட்டலையும் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு, செவ்வாய் காலை 10 மணி அப்பாயின்ட்மென்ட்டை வியாழனுக்கு மாற்றினீர்கள், ஆனாலும் திங்களன்று பழைய நேரத்துக்கு நினைவூட்டல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி செய்து பாருங்கள். இணையதளத்தில் மாற்றினால் சரியாக வருகிறது, மொபைல் செயலியில் மாற்றினால் மட்டும் பழையது வருகிறது என்று தெரிந்தால், உங்கள் மெயில் பாதி தயார்.

மெயில் இப்படி இருக்கலாம். அந்த அலுவலகம் புழங்கும் மொழியில், இதே அளவில் எழுதிக்கொள்ளுங்கள்:

> பொருள்: மொபைலில் நேரம் மாற்றினால் பழைய நினைவூட்டலே வருகிறது
>
> வணக்கம் அன்னா,
>
> உங்கள் சோதனைக் கணக்கில் ஒரு அப்பாயின்ட்மென்ட்டை மொபைல் செயலியில் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாற்றினேன். நினைவூட்டல் செவ்வாய்க்கே வந்தது. இரண்டு முறை செய்து பார்த்தேன். இணையதளத்தில் மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. செய்த படிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன்.
>
> நான் நான்கு ஆண்டுகளாக சாஃப்ட்வேர் டெஸ்டர். கடைசி வேலையில் முன்பதிவு செயலி ஒன்றின் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னால் ஓடும் தானியங்கிச் சோதனைகளை எழுதினேன். உங்கள் டீமில் டெஸ்டிங்குக்கென்று தனி ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படி ஒருவரை எடுக்கும் எண்ணம் இருந்தால் 15 நிமிடம் பேச முடியுமா? புதன், வியாழன் மதியம் எனக்கு வசதி.
>
> எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதி உண்டு, ஸ்பான்சர் தேவையில்லை. சி.வி. இணைத்திருக்கிறேன்.

அவ்வளவுதான், ஃபோனில் ஒரு தடவை தள்ளினால் முடிந்துவிட வேண்டும். பொருள் வரியில் 'வேலை வாய்ப்பு வேண்டி' என்று போட்டால் திறக்காமலே ஒதுங்கிவிடும். இங்கே போட்டிருப்பது அவருடைய சொந்தத் தலைவலி, அதனால் திறப்பார். 'மதிப்பிற்குரிய ஐயா' எல்லாம் வேண்டாம், இந்த மாதிரி இடங்களில் முதல் பெயர்தான் வழக்கம். குறை ஒன்றே ஒன்று போதும். ஏழு குறையை அடுக்கினால் தணிக்கை அறிக்கை மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, நோயாளி விவரம் வெளியே கசிகிறது போன்ற பாதுகாப்பு ஓட்டை கண்ணில் பட்டால் அதை வேலை கேட்கும் மெயிலில் கலக்கவே கூடாது, மிரட்டல் போலத் தெரியும். அதைத் தனியாகத் தெரிவியுங்கள்.

சி.வி.யை இணைக்கலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் இணைக்கச் சொல்கிற கட்சி. சின்ன இடத்தில் மெயில் பிடித்துவிட்டால் அப்படியே நிறுவனருக்கு அனுப்புவார்கள், சி.வி.யும் கூடவே போக வேண்டும். உங்கள் பெயரிட்ட பி.டி.எஃப்., இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

அனுமதி பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததும், விசா வேலை நம் தலையில் விழுமோ என்ற சந்தேகம் வரும், யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஸ்பான்சர் தேவைப்படுகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் அந்தக் கம்பெனியால் முடியுமா என்று பாருங்கள். பிரிட்டன் மாதிரி இடத்தில் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. பட்டியலில் இல்லாத சின்ன கம்பெனி ஒருவருக்காக அந்த உரிமத்துக்கு அலைவது அபூர்வம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். "இப்போது இல்லை" என்று பதில் வந்தால் அது நல்ல செய்திதான், மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்கட்டுமா என்று கேட்டு வையுங்கள்.

"ஆமாம், பேசலாம்" என்று வந்தால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். காலியிடமே இல்லாத இடத்தில் நிரந்தர வேலைக்குப் பதிலாக, "முதல் இரண்டு மாதம் ஃப்ரீலான்ஸாகச் செய்யுங்கள், பில் அனுப்புங்கள்" என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம். ஆனால் சில வேலை அனுமதிகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாமே தவிர சுயதொழில் கூடாது. சும்மா செய்து காட்டும் வேலைகூடச் சில இடங்களில் வேலையாகவே கணக்காகும். சரி என்று சொல்வதற்கு முன் உங்கள் அனுமதிக் கடிதத்தில் அந்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.