ஈரோடு மேப்புக்கு 1,500 ரூபாய் ‘லைசென்ஸ்’ கட்டணமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் மஞ்சள் குடோன் கட்ட பேங்க் லோனுக்கு ரிப்போர்ட் போடறேனுங்க. டிடிபி கடையில OpenStreetMap படம் ஒண்ணு வெச்சுத் தந்துட்டு, டிசைன் கூலி போக ‘மேப் லைசென்ஸ்’னு 1,500 ரூபாய் கேக்கறாங்க. குடுக்கணுமுங்களா?

பதில்: கூலியைக் கொடுங்க, லைசென்ஸ் காசு வேண்டாம். OpenStreetMap என்பது பலரும் சேர்ந்து உருவாக்குகிற மேப். அதன் தரவு ODbL என்கிற திறந்த உரிமத்தில் வருகிறது, அதற்குக் கட்டணமே கிடையாது, லோன் ரிப்போர்ட் மாதிரி தொழில் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்குப் பதிலாக அந்த மேப்பை உருவாக்கியவர்கள் கேட்பது தங்கள் பெயரைப் போடச் சொல்லி மட்டும்தான். உங்கள் பக்கத்தில் ‘நன்றி: இணையம்’ என்று இருந்தால் அது செல்லாது. படத்தின் மூலையிலோ நேர் கீழேயோ இந்த வரி வரணும்:

```
© OpenStreetMap contributors
openstreetmap.org/copyright
```

திரையில் என்றால் பெயரிலேயே லிங்க் கொடுத்தால் போதும், பேப்பரில் லிங்க்கை அழுத்த முடியாது, அதனால்தான் முகவரியை முழுசாக எழுதச் சொல்கிறேன். பெரும்பாலும் தப்பு நடப்பது ஸ்கிரீன்ஷாட்டில். பெருந்துறையை மட்டும் காட்ட ஓரங்களை வெட்டும்போது மூலையில் இருந்த பெயரும் சேர்ந்து போய்விடும், கடைக்காரர் கவனித்திருக்கவே மாட்டார். அந்த வரியைப் பக்கத்தில் தனிப் பெட்டியாக வைக்காமல் படத்துக்குள்ளேயே எழுதிச் சேமிக்கச் சொல்லுங்க, ஏனென்றால் நாளைக்கு யாராவது படத்தை மட்டும் காப்பி பண்ணி வேறு பக்கத்தில் ஒட்டினாலும் பெயர் கூடவே போகும். அப்புறம் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து கை நீட்டிப் பிடித்துப் பாருங்க, எழுத்து படிக்க முடியாவிட்டால் பெரிதாக்கணும்.

குடோன் இருக்கிற இடத்துக்கு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு எல்லாம் நீங்களே சிவப்புப் புள்ளி வைத்திருப்பீங்க. அந்தப் புள்ளிகள் உங்களுடையவை, யாருக்கும் தரவேண்டியதில்லை. ஆனால் மேப்பின் தரவையே இறக்கி, விட்டுப்போன தோட்டத்துப் பாதையை அதில் சேர்த்து, அதிலிருந்து புது மேப் போட்டுப் பொதுவில் வெளியிட்டால் கதை வேறு: திருத்திய தரவையோ நீங்கள் செய்த மாற்றத்தையோ அதே உரிமத்தில் மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்யணும். பேங்க் கோப்புக்குள் இருக்கிற படத்துக்கு இந்தச் சிக்கல் வராது.

ஒன்றை மட்டும் கடையில் கேட்டுவிடுங்க, படத்தை எந்தத் தளத்திலிருந்து எடுத்தார் என்று. தரவு ஒருவருடையதாகவும் அதை வரைந்த பாணி இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். மேடு பள்ளம் காட்டும் OpenTopoMap படம் என்றால் அவர்கள் பெயரையும் CC-BY-SA என்பதையும் சேர்த்துப் போடணும். சாட்டிலைட் படம் என்றால் ODbL அதற்குப் பொருந்தாது, அந்தப் படத்துக்கு உரியவர் போட்டிருக்கிற நிபந்தனையைத்தான் பார்க்கணும்.

பில்லில் ‘வடிவமைப்புக் கூலி’ என்று மட்டும் எழுதச் சொல்லுங்க. லைசென்ஸுக்குத்தான் காசு என்று அவர் நின்றால், யாருக்குக் கட்டினார், ரசீது எங்கே என்று கேளுங்க.