இஎம்ஐ கட்டுறோம், அசல் ஏன் கரைய மாட்டேங்குது? – வீட்டு லோன் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வி முக்கால்வாசியும் வீட்டு லோன்ல வட்டி எவ்வளவு அசல் எவ்வளவுன்னு பிரியுறத பத்திதான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். நம்பர் எல்லாம் ரவுண்ட் பண்ணி இருக்கேன், பத்து இருபது ரூபா முன்ன பின்ன இருக்கும்.

30 லட்சம், 20 வருஷம், 8.5%. அஞ்சு வருஷத்துல 15 லட்சத்துக்கு மேல கட்டிட்டேன், பாக்கி இன்னும் 26 லட்சத்து சொச்சம் காட்டுது. பேங்க் ஏமாத்துதா? – சேலம்

இல்லீங்க, கணக்கு சரிதான். உங்க இஎம்ஐ 26,035. முதல் மாசம் முழு 30 லட்சத்துக்கும் வட்டி போடணும், 30 லட்சத்தை 8.5 சதவீதத்தால பெருக்கி 12ஆல வகுத்தா 21,250. மிச்சம் 4,785தான் அசல்ல கழியும். அடுத்த மாசம் பாக்கி 29,95,215, அதுக்கு வட்டி 21,216, அசலுக்கு 4,819. அதாவது ஒரு மாசத்துல அசல் பங்கு வெறும் 34 ரூபா கூடுது. இப்படி நகர்ந்து நகர்ந்து வட்டியை விட அசல் அதிகமா போற மாசம் எப்ப வருதுன்னா 143வது மாசம், கிட்டத்தட்ட 12 வருஷம் முடியற நேரம். அஞ்சு வருஷத்துல நீங்க கட்டின 15.6 லட்சத்துல 12 லட்சம் வட்டி, மூணரை லட்சம்தான் அசல், பாக்கி 26.4 லட்சம். உங்க ஸ்டேட்மென்ட்ல இருக்கறதும் அதுதானே.

லோன் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, மாசா மாசம் கட்டுறேன், அசல் ஒரு ரூபா கூட குறையல. ஏன்?

எவ்வளவு லோன், என்ன வட்டி, வீடு கட்டி முடிஞ்சுதா, எதுவுமே எழுதல. ஊர் பேர் கூட இல்ல. இப்படி எழுதினா நான் எத வச்சு சொல்றது? ஒரு ரூபா கூட குறையலன்னு சொல்றதால என் கணிப்பு, ஃப்ளாட் இன்னும் கட்டி முடியல, நீங்க கட்டுறது ப்ரீ-இஎம்ஐ, அது வெறும் வட்டி. முழுப் பணமும் பில்டருக்கு போய் நிஜ இஎம்ஐ ஆரம்பிச்சாதான் அசல் குறையும். ஸ்டேட்மென்ட்ட எடுத்து பாருங்க.

பேங்க்ல கொடுத்த ஷெட்யூல்ல முதல் மாச வட்டி 21,250, ஸ்டேட்மென்ட்ல 21,658 போட்டிருக்கான். 408 ரூபா எங்க போச்சு? – நாகர்கோவில்

எங்கயும் போகல. அது 31 நாள் மாசம். பல பேங்க்ல வட்டி நாள் கணக்குல போடுறாங்க, 30 லட்சத்துக்கு 8.5%ல 31 நாளுக்கு 21,658 வரும், 28 நாள் பிப்ரவரியில 19,562தான் வரும். ஷெட்யூல் எல்லா மாசத்தையும் சமமா வச்சு போட்டது. வருஷக் கடைசியில கூட்டிப் பாருங்க, பெருசா வித்தியாசம் இருக்காது. அப்படியும் ஆயிரக்கணக்குல இடிச்சா மட்டும் கேளுங்க.

2021 ஆகஸ்ட்ல 30 லட்சம், 6.7%, 240 மாசம். இஎம்ஐ 22,722, இன்னிக்கு வரைக்கும் அதேதான். நாலு வருஷம் ஒழுங்கா கட்டியாச்சு, இப்ப மிச்ச தவணை 290க்கு மேலன்னு காட்டுது. 240ல 48 போனா 192தானே சார்? – திருப்பூர்

இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதே கதையை எத்தனை வீட்டுல பாத்துட்டேன், என் சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுலயே நடந்தது, இஎம்ஐ ஏறலன்னு அவர் நிம்மதியா இருந்தார், ரிட்டயர் ஆகி பல வருஷத்துக்கு அப்புறமும் தவணை ஓடும்ங்கறத ஸ்டேட்மென்ட்ட பிரிச்சு காட்டின பிறகுதான் பாத்தார்.

2022 மே மாசத்துலருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ ரேட், அதாவது பேங்குகளுக்கு ஆர்பிஐ கடன் கொடுக்கற வட்டி, 4 சதவீதத்துலருந்து 6.5 ஆச்சு. உங்களது ஃப்ளோட்டிங், ரெப்போவோட சேந்து ஏறி இறங்கற வட்டி, அதனால 6.7 போய் 9.2 ஆச்சு. கணக்கு எளிசா இருக்க, 18 தவணை கட்டின பிறகு ஒரே அடியா ஏறினதா வச்சுக்குவோம். அப்ப பாக்கி 28.87 லட்சம். 9.2%ல அதுக்கு ஒரு மாச வட்டி மட்டும் 22,136. உங்க இஎம்ஐ 22,722. அசலுக்கு போனது 586 ரூபா! பாக்கி தவணை 222லருந்து 479க்கு போயிடும், கிட்டத்தட்ட 40 வருஷம். எக்செல்ல நீங்களே போட்டு பாருங்க:

```
=NPER(9.2%/12,-22722,2887265)
```

இன்னும் ஒரு 0.3% ஏறி 9.5 ஆகியிருந்தா வட்டியே 22,857, இஎம்ஐயை தாண்டிடும். அப்ப நீங்க கட்ட கட்ட கடன் வளரும். பிறகு 2025ல ரெப்போ இறங்கி உங்க வட்டி 8.2க்கு வந்ததுனாலதான் உங்களுக்கு 479 இல்லாம 290ல நிக்குது.

இதுல எனக்கு ஆத்திரம் என்னன்னா, வட்டி ஏறினப்ப உங்களை யாரும் கேக்கல, பேசாம தவணையை நீட்டிட்டாங்க. 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ தெளிவா சுற்றறிக்கை விட்டுது: வட்டி மாறும்போது இஎம்ஐயை ஏத்தவா, தவணையை நீட்டவா, ரெண்டும் கலந்தா, இல்ல கையில இருக்கறத முன்கூட்டி கட்டுறீங்களான்னு வாடிக்கையாளர்கிட்ட கேக்கணும், நீட்டினாலும் அசல் வளர்ற நிலைமை வரக்கூடாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை இதுவரை போன அசல், வட்டி, இஎம்ஐ, மிச்ச தவணை, வருஷ வட்டி எல்லாம் போட்டு ஸ்டேட்மென்ட் கொடுக்கணும். விதி வந்தாச்சு, ஆனா எஸ்எம்எஸ்ல ஒரு வரி வந்ததை நம்ம ஆளுங்க படிக்கறதில்ல, அதுவும் உண்மை.

இப்ப செய்ய வேண்டியது. பிராஞ்சுக்கு எழுத்துல கொடுங்க, பழைய காலத்துக்குள்ளயே முடியற மாதிரி இஎம்ஐயை மாத்தித் தரச் சொல்லி. பாக்கி 28.75 லட்சம்னு வச்சா, அந்த 8.2%ல 192 மாசத்துல முடிக்க சுமார் 26,900 ஆகும். மாசம் 4,200 கூட, ஆனா மொத்தத்துல கட்டுற பணத்துல 14 லட்சத்துக்கு மேல மிச்சம். அவ்வளவு முடியலன்னா 2,000 ஏத்துங்க, அதுவே பல வருஷத்தை குறைக்கும். வாயால சொல்லிட்டு வராதீங்க, எழுதிக் கொடுத்து சீல் வாங்குங்க.

முதல் வருஷம் முடிஞ்சு கையில 2 லட்சம் இருக்கு. லோன்ல கட்டினா இஎம்ஐ குறைக்கணுமா, தவணை குறைக்கணுமா? 30 லட்சம், 8.5%, 20 வருஷம். – மதுரை

தவணையை. இஎம்ஐ அப்படியே விட்டா 228 மாசம் 194 ஆகும், 34 தவணை போச்சு, வட்டியில ஏழு லட்சம் மிச்சம். இஎம்ஐயை குறைச்சா மாசம் 1,770 மிச்சமாகும், ஆனா வட்டியில மொத்தமே 2 லட்சம்தான் லாபம். சம்பளம் நெருக்கடியா இருந்தா மட்டும் இஎம்ஐ குறைங்க. ஃப்ளோட்டிங் வட்டியில தனிநபர் வீட்டு லோனுக்கு முன்கூட்டி கட்ட அபராதம் கிடையாது, யாராவது கேட்டா கொடுக்காதீங்க. கட்டின பிறகு புது ஷெட்யூல் வாங்குங்க, சில இடத்துல கேக்காம இஎம்ஐயை குறைச்சு வச்சுடுவாங்க, ஸ்டேட்மென்ட்ட பாத்தாதான் தெரியும்.

15 வருஷம் ஆச்சு, வட்டியெல்லாம் முன்னாடியே எடுத்துட்டாங்களாம், இனிமே முன்கூட்டி கட்டி பயனில்லன்னு ஃப்ரெண்ட் சொல்றார். – கோவை

தப்பு. வட்டி எப்பவும் அன்னிக்கு இருக்கற பாக்கிக்குத்தான். உங்க வட்டி 8.5%ன்னா, இன்னிக்கு கட்டுற ஒரு லட்சம், முதல் வருஷம் மாதிரியே அதே 8.5% வட்டியைத்தான் மிச்சம் பண்ணும். மிச்சம் இருக்கற வருஷம் கம்மி, அதனால தொகை சின்னதா தெரியுது, அவ்வளவுதான். அந்த பணத்துக்கு வேற இடத்துல வரி போக 8.5க்கு மேல நிச்சயமா கிடைக்குதுன்னா அங்க போடுங்க, இல்லன்னா லோன்ல கட்டுங்க.