ராஜினாமாவைத் திரும்பப் பெற மன்னிப்புக் கேட்காதீர்கள்

"மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனியில ஆறு வருஷமா கணக்கு எழுதுறேன். எல்லார் முன்னாடியும் மேனேஜர் திட்டினதால ஜூன் 2 அன்னிக்கு ராஜினாமா மெயில் அனுப்பிட்டேன். ஜூலை 1 கடைசி நாள்னு போட்டிருந்தேன். மறுநாளே 'ஏத்துக்கிட்டோம்'னு பதில் வந்திருச்சு. இப்ப வேலை வேணும். இந்த வாட்ஸ்அப் செய்தி சரியா? 'சார், சாரி. கோபத்துல எழுதிட்டேன். ஐஸ் கணக்குல விட்டதும் என் தப்புதான். நீங்க பாத்து ஏதாவது செஞ்சா இருக்கலாம்னு நினைக்கிறேன்.'"

அனுப்பாதீர்கள். மேனேஜர் திட்டியதை விட்டுவிடுங்கள், அது இங்கே உதவாது. ஜூலை 1 இன்னும் வரவில்லை என்பதுதான் உங்கள் பலம். பாரத் எர்த் மூவர்ஸ் வழக்கில் ஊழியர் 1993 ஜனவரி 4 அன்று ராஜினாமா கொடுத்தார். அன்றே ஏற்றுக்கொண்டார்கள், விடுவிப்பு 15ஆம் தேதி. அவர் 8ஆம் தேதி திரும்பப் பெற்றது செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உங்கள் செய்தியில் என்னைப் பயமுறுத்துவது ஐஸ் கணக்கு. என்னிடம் வழக்குக்கு வந்த தொண்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் இப்படித்தான் உருகி எழுதி வேலைக்குத் திரும்பினார். இரண்டே மாதத்தில் அந்த வரியையே ஒப்புதலாகக் காட்டிக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. யாரும் கேட்காத தப்பை நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். "நீங்க பாத்து" என்பதும் ஆபத்து. அது விண்ணப்பம், மறுத்துவிட்டால் முடிந்தது. "நினைக்கிறேன்" என்பது திரும்பப் பெறுதலே ஆகாது. இப்படி எழுதுங்கள்:

"ஐயா, 02.06 தேதியிட்ட என் ராஜினாமாவை இக்கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன். அதில் குறித்த 01.07 இன்னும் வரவில்லை. நான் தொடர்ந்து பணியில் இருக்கிறேன். இது கிடைத்ததை எழுத்தில் தெரிவிக்கவும்."

காரணம், மன்னிப்பு, நிபந்தனை எதுவும் வேண்டாம். ராஜினாமா போன அதே மெயில் முகவரிக்கு இன்றே அனுப்பி, ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் "மெயில் அனுப்பியிருக்கிறேன் சார்" என்பது போதும். தினமும் வேலைக்குப் போய் வருகையைப் பதியுங்கள். சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைத்து, 'ஃபுல் அண்ட் ஃபைனல்' தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு கடிதத்தால் பெரிய பயனில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மேற்சொன்னது அரசு நிறுவனத்து வழக்கு. தனியார் முதலாளி மறுத்தால், கணக்கு எழுதும் நீங்கள் சட்டப்படி 'தொழிலாளி' என்று நிலைநாட்டித் தொழிலாளர் துறைக்குப் போகலாம். மேற்பார்வை, நிர்வாகம் என்று உங்களை வகைப்படுத்திவிட்டால் வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்குவது கடினம், நஷ்ட ஈடுதான் மிஞ்சும். எப்படியும் வருடக் கணக்கில் இழுக்கும்.

அதனால் கடிதத்துக்குப் பிறகும் முதலாளி பிடிவாதமாக நின்றால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டி உங்கள் உரிமை, அதைச் சலுகையாகக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று மாதச் சம்பளமும், ஐஸ் கணக்கு பற்றி ஒரு சொல்லும் இல்லாத அனுபவச் சான்றும் கேளுங்கள். இரண்டும் கைக்கு வந்த பிறகே கையெழுத்து.